கொழகொழப்பில்லாத வெண்டைக்காய் வறுவல்: முழுமையான வழிகாட்டி

வெண்டைக்காயை நறுக்கியவுடன் அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். நடுவில் சிலந்தி இழையைப் போல ஒரு நூல் நீண்டு, சிறிது நேரத்தில் அறுந்துவிடும். இப்போது வெட்டுப்பட்ட முகத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேயுங்கள். சற்றுமுன் மெல்லிய நூலாக இருந்தது, விரல் முழுதும் வழுக்கும் படலமாகப் பரவிவிடும். காய் அதேதான், பிசினின் அளவும் அதேதான். சேர்ந்தது ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும். வாணலியில் வெண்டைக்காய் கெட்டுப்போகும்போதெல்லாம் இதே காட்சிதான் பெரிய அளவில் நடக்கிறது.

அந்தப் பிசின் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. பழக்கூழை இறுகவைக்கும் பெக்டினுக்கு நெருங்கிய உறவு. காயின் உள்ளே சுருண்டு கிடக்கும் இந்த நீண்ட சங்கிலிகள் தண்ணீரைக் கண்டால் அதை உறிஞ்சி, உப்பி, விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தண்ணீர் இல்லையென்றால் துண்டின்மேல் மெல்லிய தோலாகக் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. நல்ல வறுவலிலும் பிசின் முழுவதும் இருக்கிறது. காய்ந்து போயிருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே நாம் கவனிக்கவேண்டியது தண்ணீரை. அது மூன்று வழியாக வாணலிக்குள் வருகிறது: கழுவிய ஈரமாக, காயின் உள்ளிருந்து, மூடியிலிருந்து சொட்டி. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வைத்தியம்.

இங்கே 250 கிராம் வெண்டைக்காய், 28 செ.மீ. அகலமுள்ள தட்டை அடி வாணலி, 2 மேசைக்கரண்டி எண்ணெய் என்ற கணக்கில் சொல்கிறேன். இந்த விகிதம் மாறினால் நேரமும் மாறும்.

காயைத் தேர்ந்தெடுத்தல்

விரல் நீளம், அதாவது 7 முதல் 10 செ.மீ. வரை உள்ள காய்கள் போதும். நுனியை வளைத்தால் 'டக்'கென்று ஒடியவேண்டும். வளைந்து நின்று ஒடியாமல் இருந்தால் நார் முற்றிவிட்டது என்று பொருள். முற்றிய காய் பெரிய தீயில் வெளியே கருகும், உள்ளே நாராகவே இருக்கும். அதை மென்மையாக்கும் ஆசையில்தான் பலர் மூடி போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த நார் வறுக்கும் நேரத்துக்குள் வேகாது; முற்றலைக் குழம்பு வகைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

உறைய வைத்த வெண்டைக்காய் இந்த முறைக்குச் சரிவராது. உறையும்போது பனித்துகள்கள் காயின் செல்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. உருகும்போது நீரும் பிசினும் சேர்ந்தே வெளிவருகின்றன. கத்தி படுவதற்கு முன்பே கலவை தயார்.

கழுவுவது முழுக்காயாக, நறுக்குவது காய்ந்த பிறகு

காம்பும் நுனியும் நீக்காமல் முழுக்காயாகக் கழுவுங்கள். தோல் முழுசாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. காம்பை வெட்டிவிட்டுக் கழுவினால், காயின் உள்ளறைகளுக்கு வாசல் திறந்தாயிற்று. நறுக்கிய பிறகு கழுவுவதோ, நான் முதலில் சொன்ன அந்த ஒரு சொட்டை நூறு மடங்காக்குவது.

கழுவியதும் வடிகட்டியில் போட்டு இரண்டு உதறு உதறுங்கள். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் பரப்பி, ஒவ்வொரு காயாக உருட்டித் துடையுங்கள். வெண்டைக்காயின் மேல் மெல்லிய சுணை உண்டு. அந்தச் சுணைகளுக்கிடையில் நீர்த்துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வரிப்பள்ளங்களிலும் காம்புக்கு அடியில் உள்ள வளையத்திலும் அப்படித்தான். எனவே துடைத்த உடனேயே நறுக்காமல், மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். ஒரு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் நாள் இரவே கழுவித் துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் காய்கறி அறையில் வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த காயின்மேல் பனித்துளி போல நீர் கோத்துக்கொள்ளும். பத்து நிமிடம் வெளியில் வைத்து, மறுபடியும் ஒருமுறை துடைத்த பிறகே கத்தியைத் தொடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு காயை மெல்லிய காகிதக் கைக்குட்டைக்குள் வைத்து அழுத்தி உருட்டிப் பாருங்கள். காகிதத்தில் ஈரத் தடம் விழக்கூடாது.

பலகையும் கத்தியும் கையும்கூட உலர்ந்திருக்கவேண்டும். பாத்திரம் கழுவிய கையோடு வந்து நறுக்கத் தொடங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஏழெட்டுக் காய் நறுக்கியதும் கத்தியில் பிசின் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். அப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள். முதலிலேயே கத்தியின் இரு பக்கமும் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டுவது வெகுவாகக் குறையும்.

துண்டின் அளவில் நான் பிடிவாதமாக இருப்பேன்: 1.5 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். பிசின் வெளியே வருவது வெட்டுப்பட்ட முகத்தின் வழியாகத்தான். அரை செ.மீ. வட்டங்களாக நறுக்கினால், 1.5 செ.மீ. துண்டுகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெட்டு முகங்கள் உருவாகும். மெல்லிய வட்டங்கள் நன்றாக மொறுமொறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எண்ணெயில் மூழ்கப் பொரிக்கவேண்டும். வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயில் அது கைகூடாது. கத்தி கூர்மையாக இருக்கவேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். மழுங்கிய கத்தி காயை நசுக்கி, வெட்டாத இடத்திலும் பிசினைப் பிழிந்துவிடும்.

நறுக்கிய துண்டுகளைக் கிண்ணத்தில் குவிக்காமல் அகலமான தட்டில் பரப்புங்கள். பதினைந்து நிமிடம் அப்படியே இருந்தால் வெட்டு முகங்களில் உள்ள பிசின் லேசாகக் காய்ந்து, விரல் வைத்தால் வழுக்காமல் ஒட்டும் பதத்துக்கு வரும். இது கழுவிய ஈரத்துக்கு முடிவு.

பெரிய தீ எதற்கு

வெண்டைக்காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 250 கிராமில் காம்பும் நுனியும் போக 220 கிராம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அதில் சுமார் 200 கிராம் தண்ணீர். வறுவல் முடிந்ததும் தராசில் வைத்துப் பார்த்தால், எண்ணெயைக் கழித்துவிட்டு எனக்கு 120 கிராமையொட்டி நிற்கும். அதாவது ஒரு நூறு கிராம் தண்ணீர், அரை டம்ளர் அளவு, ஆவியாகி வெளியேறியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அரை டம்ளர் தண்ணீரை வாணலியிலிருந்து விரட்டுவதுதான் நாம் செய்யும் வேலை.

இது சின்ன வேலையல்ல. உறைநிலையில் உள்ள தண்ணீரைக் கொதிநிலைவரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், கொதிக்கும் அதே தண்ணீரை முழுதும் ஆவியாக்க. சிறு தீயில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை. நீர் காயை விட்டு வெளியே வரும். ஆனால் வாணலியை விட்டுப் போகாது. அங்கேயே நின்று பிசினோடு கலந்து நூலாகிவிடும். பெரிய தீயில் நீர் வெளிவரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் அதிகம்.

தீ பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, இடமும் வேண்டும். துண்டுகள் ஒரே அடுக்காகப் பரவி, ஒவ்வொன்றும் அடியைத் தொடவேண்டும். 28 செ.மீ. வாணலியில் 250 கிராம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். அரை கிலோவை ஒரே தடவையில் கொட்டினால், கீழ் அடுக்கிலிருந்து கிளம்பும் ஆவி மேல் அடுக்கில் பட்டுக் குளிர்ந்து மறுபடி நீராகும். மேல் அடுக்கே மூடியாக மாறிவிடுகிறது. இரண்டு ஈடாக வறுங்கள். நேரம் கூடினாலும் பலன் உண்டு. குழிந்த வாணலியில் துண்டுகள் நடுவில் குவிந்துவிடுவதால் தட்டை அடியுள்ளதே மேல்.

இரும்பு வாணலி சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் காய் இரும்போடு வெகுநேரம் கிடந்தால் கறுக்கும். புளிப்பு சேர்ந்தால் இன்னும் கறுக்கும். எண்ணெயேறிப் பழகிய இரும்பாக இருந்து, வறுத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் கவலையில்லை. ஒட்டாப் பூச்சு உள்ள வாணலியைக் காலியாகப் பெரிய தீயில் காயவைப்பது பூச்சுக்குக் கேடு. அதில் முதலிலேயே எண்ணெயை விட்டு, தீயைப் பெரியதற்கு ஒரு படி குறைவாக வையுங்கள்.

வறுக்கும் பன்னிரண்டு நிமிடம்

வாணலியை ஒன்றரை, இரண்டு நிமிடம் காயவைத்து எண்ணெய் விடுங்கள். எண்ணெய் தண்ணீரைப் போல இளகி ஓடி, மேற்பரப்பு மின்னவேண்டும், புகையக்கூடாது. ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். போட்ட கணமே 'சொய்ங்' என்று சத்தம் வந்தால் தட்டில் உள்ளதை முழுதும் கொட்டிப் பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வையுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் சிவந்து, பிசின் அங்கே தோலாக இறுகவேண்டும். இந்த நேரத்தில் கிளறினால் ஈரமான முகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பிசினை எல்லாத் துண்டுகளுக்கும் பூசிவிடும். இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைக் கரண்டியை அடியில் நுழைத்துப் பெயர்த்துத் திருப்புங்கள். சுழற்றிக் கிளறவேண்டாம். மறுபடி ஒன்றரை நிமிடம் விடுங்கள்.

நான்காவது நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் இடையில் ஒரு சோதனை வரும். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வரும். துண்டுகள் பளபளவென்று ஈரமாகத் தெரியும். 'கெட்டுவிட்டது' என்று தோன்றுகிற நேரம் இதுதான். சிலர் பதறிப்போய்த் தீயைக் குறைப்பார்கள், சிலர் மூடுவார்கள், சிலர் வேகமாகக் கிளறுவார்கள். மூன்றுமே வேண்டாம். உள்ளிருக்கும் நீர் வெளியே வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. தீயை அப்படியே வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டிருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் நூல்கள் குட்டையாகி, உடையத் தொடங்கும். ஒன்பதாவது நிமிடத்தையொட்டி நூலே இருக்காது. கரண்டியில் ஒட்டியிருந்த பிசின் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்திருக்கும்.

இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மழை பெய்வது போல விடாமல் கேட்ட 'சோ' சத்தம் மெல்லத் தணிந்து, விட்டு விட்டு 'சடசட'வென்று மாறும். நீர் பெரும்பாலும் போய்விட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான அடையாளத்தை நான் கண்டதில்லை. நீர் இருக்கும்வரை காயின் சூடு கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. நீர் போனதும் மளமளவென்று ஏறும். எனவே சத்தம் மாறியதும் தீயை மிதமாக்குங்கள். அதே பெரிய தீயில் விட்டால் அடுத்த இரண்டு நிமிடத்தில் கருகிவிடும். மிதமான தீயில் இன்னும் மூன்று நிமிடம், ஓரங்கள் சிவந்து சுருங்கும்வரை.

உப்பு கடைசி ஒரு நிமிடத்தில்தான். அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகப் போதும். காய் சுருங்கிவிட்டதால் கண் மதிப்பில் போட்டால் கரித்துவிடும். உப்பை முன்கூட்டியே போட்டால் அது காயிலிருந்து நீரைச் சீக்கிரமாக இழுத்து வெளியே கொண்டுவரும். தீ ஆவியாக்கும் வேகத்தை அது முந்திவிடும். மிளகாய்த்தூள் போன்ற பொடிகளும் கடைசியில்தான். பெரிய தீயில் அவை அரை நிமிடம் தாங்காது. வெங்காயமும் தக்காளியும் நீர் விடுபவை. அவை வேண்டுமானால் தனியாக வதக்கி, நீர் வற்றியபின் வறுத்த வெண்டைக்காயோடு சேருங்கள்.

மூடி

நானும் பல காலம் முதல் ஐந்து நிமிடம் மூடிவைத்து வறுத்தவன்தான். உள்ளே வேகாமல் போய்விடுமோ என்ற பயம். ஒருநாள் ஒரே கூடைக் காயை இரண்டாகப் பிரித்து, ஒரே அளவு வாணலிகள் இரண்டில், ஒன்றை மூடியும் மற்றதைத் திறந்தும் வைத்தேன். ஐந்தாவது நிமிடத்தில் மூடியைத் தூக்கியபோது அதன் உட்புறம் முழுதும் துளிகள் கோத்திருந்தன. சற்றுச் சாய்த்ததும் அவை ஒன்றுசேர்ந்து ஓடி, ஒரு சிறு ஓடையாக மீண்டும் காயின்மேலேயே விழுந்தன. அடுப்பு அவ்வளவு சிரமப்பட்டு ஆவியாக்கி அனுப்பிய நீரை மூடி பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காயைத் திறந்துவைத்து வற்றவைக்க மேலும் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. அதற்குள் துண்டுகள் குழைந்து உடைந்து, விதைகள் தனியாகப் பிரிந்துவிட்டன. திறந்த வாணலியில் இருந்தது அதற்குள் தட்டுக்கே போய்விட்டது.

உள்ளே வேகாது என்ற பயத்துக்கு இடமில்லை. பிஞ்சு வெண்டைக்காயின் உள்ளே ஏற்கெனவே ஏராளமான நீர் இருக்கிறது. துண்டு ஒவ்வொன்றும் தன் ஆவியிலேயே வெந்துவிடும். சந்தேகமிருந்தால் எட்டாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

எண்ணெய் தெறிப்பதற்காக மூடுபவர்கள் கம்பிவலைத் தட்டு ஒன்றைப் பயன்படுத்தலாம். அது எண்ணெயைத் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். மிக அதிகமாகத் தெறித்தால் காய் சரியாகக் காயவில்லை என்றும் தெரிந்துகொள்ளலாம். மூடியைச் சாய்த்து வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடுவது அரைகுறை தீர்வு. துளிகள் அப்போதும் விழும்.

ஏற்கெனவே கொழகொழத்துவிட்டால்

மூடி இருந்தால் எடுத்துவிட்டு, காயில் பாதியைத் தட்டுக்கு மாற்றுங்கள். மீதியைப் பரப்பித் தீயைப் பெரிதாக்குங்கள். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு பரவலாகத் தெளித்து ஒரு நிமிடம் விட்டுத் திருப்புங்கள். பிசின் சங்கிலிகளில் உள்ள மின்னேற்றம் அவற்றை ஒன்றையொன்று தள்ளி விரித்துவைக்கிறது. புளிப்பு அந்த ஏற்றத்தைத் தணிப்பதால் சங்கிலிகள் சுருண்டு, நூல் இழுப்பது குறையும். இரும்பு வாணலி என்றால் முதலில் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீர் நன்றாக வற்றியும் வழுவழுப்பு மிஞ்சியிருந்தால், ஒரு மேசைக்கரண்டி கடலை மாவைத் தூவி மிதமான தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுக்கலாம். மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு துண்டின்மேல் பூச்சாக நிற்கும். துண்டுகள் குழைந்து உடைந்துவிட்டிருந்தால் இரண்டுமே பலிக்காது. அதை வறுவலாக்க முயலாமல் குழம்பில் சேர்த்துவிடுவது நல்லது. அங்கே அந்தப் பிசினே குழம்பைக் கெட்டியாக்கும்.

இறக்கிய பிறகு

வறுவலைச் சூடான வாணலியிலேயே விட்டுவிடாமல் அகலமான தட்டில் பரப்புங்கள். ஆறும்வரை அதிலிருந்து ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். சூட்டோடு டப்பாவில் போட்டு இறுக்கி மூடினால், வாணலியில் தவிர்த்த மூடி டப்பாவில் வந்து சேர்ந்துவிடும். ஒரு மணி நேரத்தில் துண்டுகள் நமுத்து, கையில் பிசுபிசுக்கும். கை பொறுக்கும் சூடுகூட இல்லாமல் முழுதாக ஆறிய பிறகு மூடுங்கள். மறுநாள் சூடாக்கும்போது எண்ணெய் விடாத தட்டை வாணலியில், மிதமான தீயில், திறந்தபடியே மூன்று நிமிடம் புரட்டினால் ஓரங்கள் மீண்டும் மொறுமொறுக்கும்.